ரிஜெக்‌ஷன் எத்தனை சதவீதம்?

கோவைப் பக்கம் ஒரு பவுண்டரியில் இரண்டு மாதம் இன்டர்ன்ஷிப் முடித்த இறுதியாண்டு மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். வேலைக்கு விண்ணப்பிக்கும் பருவம். லிங்க்ட்இன் பக்கத்தில் போட அவள் இப்படி எழுதி வைத்திருக்கிறாள்:

"பம்ப் ஹவுசிங் வார்ப்புகளில் ரிஜெக்‌ஷனை 9.2 சதவீதத்திலிருந்து 5.8 சதவீதமாகக் குறைத்தேன். புளோ ஹோல் குறைபாட்டுக்கு மணலின் ஈரப்பதமே காரணம் என்று பைத்தான் மூலம் கண்டறிந்து, 4.1-ல் இருந்ததை 3.4-க்குக் கொண்டுவந்தோம். வாடிக்கையாளர்: (ஒரு பெரிய பம்ப் கம்பெனியின் பெயர்). டேட்டாவும் கோடும் கிட்ஹப்பில்."

எண்கள் நானாக இட்டவை. ஆனால் இதே அச்சில் வார்த்த பதிவுகள் ஒவ்வொரு ஜூன், ஜூலையிலும் வந்துகொண்டிருக்கின்றன. எழுதுபவர்களைக் குறை சொல்ல முடியாது. "செய்ததை எண்ணோடு சொல்" என்றுதான் பிளேஸ்மென்ட் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். அந்த எண் யாருடையது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

ரகசியம் என்றதும் மாணவர்களுக்குத் தோன்றுவது பெயர்கள்தான். கம்பெனி பெயரை மறைத்துவிட்டால், வாடிக்கையாளர் பெயரை எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். மேலே உள்ள நான்கு வரியில் பவுண்டரி முதலாளியின் வயிற்றைக் கலக்குவது முதலில் அந்த 9.2 தான். அந்தப் பக்கத்தை யார் யார் படிப்பார்கள் என்று பார்த்தால் இது விளங்கும்.

முதலில் படிக்கக்கூடியவர் அந்தப் பம்ப் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி. பவுண்டரி கொடுக்கும் கிலோ விலையில், கழித்துப் போடும் வார்ப்புகளுக்கான செலவும் உள்ளே அடங்கியிருக்கும். உருக்கிய மின்சாரம், கூலி, மணல், மறுபடி உருக்கும் செலவு எல்லாம் அதில் சேர்த்திதான். ரிஜெக்‌ஷன் 9.2-ல் இருந்து 5.8-க்கு இறங்கியது தெரிந்தால், அடுத்த விலைப் பேச்சில் அவர் கேட்கும் முதல் கேள்வி, "அந்த மிச்சத்தில் எங்கள் பங்கு எங்கே?" என்பதாகத்தான் இருக்கும். இதற்கு முன் தங்களிடம் எத்தனை சதவீதம் என்று சொல்லப்பட்டது என்பதையும் அவர் எடுத்துப் பார்ப்பார். இரண்டாவது வாசகர், அதே ஆர்டருக்குக் காத்திருக்கும் பக்கத்துப் பவுண்டரிக்காரர். அவருக்கும் இந்த எண் ஆயுதம்.

ஈரப்பதம் பற்றிய வரி இன்னும் சுவாரசியமானது. பச்சை மணல் அச்சில் ஈரம் கூடினால் ஆவி கிளம்பி உலோகத்துக்குள் சிக்கும், அதனால் புளோ ஹோல் வரும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ள சங்கதி. அதைச் சொல்ல யாரிடமும் அனுமதி வேண்டாம். ஈரப்பதத்தை மூன்று, நான்கு சதவீதத்தை ஒட்டி வைப்பார்கள் என்பதும் ஊரறிந்ததே. ஆனால் இந்த வார்ப்புக்கு, இந்த மணலுக்கு, இந்த லைனில் 3.4 என்பது பல நாள் சோதனை செய்து, எத்தனையோ வார்ப்புகளைக் கழித்துப் போட்டுக் கண்டுபிடித்த அளவு. "ஈரத்தைக் கட்டுப்படுத்தினோம்" என்பது பொதுஅறிவு. அதில் 3.4 என்ற எண் சேர்ந்ததும் அது கம்பெனி சொத்தாகிவிடுகிறது.

வாடிக்கையாளர் பெயரில் வேறொரு முடிச்சு இருக்கிறது. பவுண்டரி அந்தப் பம்ப் கம்பெனியோடு தனியாக ஒரு ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டிருக்கும். பாகத்தின் வரைபடம், இன்னும் சந்தைக்கு வராத மாடல், மாத ஆர்டர் அளவு எல்லாம் அதற்குள் வரும். மாணவி அதில் கையெழுத்துப் போடவில்லை, அப்படி ஒரு காகிதம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. என்றாலும் அவள் வாய் வழியாக வெளியே போனால் வாக்கை மீறியது பவுண்டரிதான். மென்பொருள் கம்பெனிகளில் இது இன்னும் கறார். எந்த வங்கிக்கு, எந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கு வேலை செய்கிறோம் என்பதையே பல கம்பெனிகள் வெளியில் சொல்ல விடுவதில்லை.

அப்படியானால் அவளுக்கென்று மிஞ்சுவது என்ன? நிறையவே இருக்கிறது. 1986-ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கோழி விற்பனை வழக்கு ஒன்று வந்தது. ஃபசெண்டா சிக்கன் என்ற நிறுவனத்தின் விற்பனை மேலாளர் வெளியேறி, அதே பாணியில் வேனில் கோழி விற்கத் தொடங்கினார். வாடிக்கையாளர் யார், எந்த வழி, என்ன விலை என்ற விவரம் எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அது வணிக ரகசியம் என்று நிறுவனம் வாதாடித் தோற்றது. உண்மையான வணிக ரகசியம் வேறு, வேலை செய்து செய்து ஒருவர் தலையில் தங்கிவிட்ட திறமையும் அனுபவமும் வேறு. பின்னதை அவர் போகுமிடமெல்லாம் எடுத்துப் போகலாம் என்ற கோட்டை அந்தத் தீர்ப்பு போட்டது. எப்படிப் பழுதை வகைப்படுத்துவது, எந்த வரைபடம் எதைக் காட்டும், சூப்பர்வைசரிடம் எந்தக் கேள்வி கேட்டால் உண்மையான பதில் வரும் என்பதெல்லாம் மாணவியின் தலையில் தங்கியது. அது அவளுடையது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அந்த வழக்கு, வேலையை விட்ட பிறகும் ரகசியம் காப்பதாக எதுவும் எழுதிக் கொடுக்காத ஆளைப் பற்றியது. கையெழுத்துப் போட்டிருந்தால் கதை மாறும். இந்தியாவில் வணிக ரகசியத்துக்கென்று தனிச்சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை. அதனால் பெரும்பாலும் ஒப்பந்தத்தின் வாசகத்தை வைத்தே வழக்கு நடக்கிறது. எழுதிய கோடுக்கு மட்டும் பதிப்புரிமைச் சட்டம் வருகிறது. 1957-ம் ஆண்டுச் சட்டத்தின் 17-வது பிரிவு, பணி ஒப்பந்தத்தின் கீழோ பயிற்சி ஒப்பந்தத்தின் கீழோ வேலையின் பகுதியாக உருவாக்கியது, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளிக்கே சொந்தம் என்கிறது. சம்பளமில்லாத கல்லூரி இன்டர்ன்ஷிப் இந்தச் சொற்களுக்குள் வருமா என்று வாதிடலாம். அந்த வாதத்துக்கு இடம் வைக்காமல், "இங்கே உருவாக்குவது எல்லாம் நிறுவனத்துக்கே" என்ற வரியைப் பல கம்பெனிகள் சேர்ப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுகின்றன.

ஆகவே முதல் வேலை, சேர்ந்த அன்று அவசரமாகக் கையெழுத்திட்ட காகிதத்தைத் தேடி எடுப்பது. நான்கு இடங்களைப் படித்தால் போதும். "ரகசியத் தகவல்" என்பதற்கு என்ன விளக்கம் கொடுத்திருக்கிறார்கள், அதிலிருந்து எவற்றை விலக்கியிருக்கிறார்கள், எத்தனை காலத்துக்கு, நிறுவனப் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்த என்ன நிபந்தனை. விலக்குகளில் வழக்கமாக இரண்டு இருக்கும்: ஏற்கெனவே பொதுவெளியில் உள்ளது, சேரும் முன்பே உங்களுக்குத் தெரிந்தது. பாடப்புத்தக அறிவைப் பேசும் உரிமை அங்கேதான் இருக்கிறது. காலம் பற்றிய வரியையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் என்று இருந்தால், இன்று வைக்க முடியாத ஒன்றை அப்போது மறுபடி பரிசீலிக்கலாம்.

எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வாங்கவில்லையே என்பவர்களும் உண்டு, சிறு கம்பெனிகளில் அது சகஜம். காகிதம் இல்லாவிட்டாலும் நம்பிக்கையின் பேரில் காட்டிய விஷயம் நம்பிக்கையின் பேரில் காட்டியதுதான். நீதிமன்றங்களும் அப்படிப் பார்ப்பதுண்டு. வழக்கு வரை போகாவிட்டாலும் அடுத்த வருடம் அந்தக் கல்லூரிக்கு அங்கே கதவு திறக்காது.

இனி எண்ணுக்கு வருவோம், அதிகம் தவறு நடப்பது இங்கேதான். "உண்மையான எண்ணைப் போடமாட்டேன், எல்லாவற்றையும் ஒன்றரையால் பெருக்கிவிட்டேன்" என்று ஒரு மாணவர் சொன்னால் புத்திசாலித்தனமாகத்தான் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 12,000 வார்ப்பு, அதில் 1,104 கழிவு. இரண்டையும் ஒன்றரையால் பெருக்கினால் 18,000, 1,656. வகுத்துப் பார்த்தால் முன்பும் 9.2 சதவீதம், இப்போதும் 9.2 சதவீதம். மறைக்க வேண்டியது விகிதம். பெருக்கல் அதைத் தொடவே இல்லை. குறைபாடுகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கும் பரேட்டோ படத்திலும் இதே கதைதான். அச்சிலுள்ள எண்களை அழித்தாலும் தூண்களின் உயரம், எந்தக் குறை எத்தனை பங்கு என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும். அளவுகோல் வைத்து அளந்துவிடலாம்.

தொழில்துறையில் கையாளும் வழி, தொடக்க நிலையை 100 என்று வைத்துக்கொள்வது. 9.2 என்பது 100 ஆனால் 5.8 என்பது 63. "தொடக்கத்தை 100 எனக் கொண்டால் ரிஜெக்‌ஷன் 63-க்கு இறங்கியது" என்று எழுதினால் முன்னேற்றத்தின் அளவு தெரியும், மட்டம் தெரியாது. வேலைக்கு எடுப்பவருக்கு அது போதும். ஆனால் அசல் எண்களில் ஒன்றை வேறு எங்காவது, ரெஸ்யூமேயிலோ யூடியூப் பேச்சிலோ, வாய் தவறிச் சொல்லிவிட்டால் மற்றது தானாக வெளியே வந்துவிடும். முன்னேற்றத்தின் அளவே வெளியில் போகக்கூடாது என்று கம்பெனி நினைக்கவும் வாய்ப்புண்டு. அப்போது "குறிப்பிடத்தக்க அளவு" என்ற சப்பையான சொல்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

பெயரை எடுப்பதிலும் இப்படி ஒரு கண்துடைப்பு நடக்கிறது. புராஜெக்ட் பகுதியில் "ஒரு முன்னணி பவுண்டரி" என்று பவ்யமாக எழுதுகிறார்கள். அதே பக்கத்தில் நான்கு விரல் மேலே, அனுபவம் என்ற தலைப்பின் கீழ், கம்பெனியின் முழுப் பெயரும் சின்னமும் மாதமும் ஜொலிக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படிக்க யாருக்கும் பட்டம் தேவையில்லை. இன்டர்ன்ஷிப் எங்கே செய்தேன் என்று சொல்வதில் பொதுவாகத் தடை இருக்காது. அதனால் கம்பெனி பெயர் தெரிந்தே இருக்கும் என்று வைத்துக்கொண்டு, மற்ற வரிகளை அதற்கேற்ப எழுதுவதே நேர்மையான வழி.

எழுத்தில் இவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, கோப்பில் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. எக்ஸெல்லில் போட்ட சார்ட்டை பவர்பாயின்ட்டில் ஒட்டும்போது, ஒட்டிய விதத்தைப் பொறுத்து, அந்த எக்ஸெல் புத்தகம் முழுவதுமே ஸ்லைடுக்குள் போய் உட்கார்ந்துவிடும். பார்ப்பவர் சார்ட்டின் மேல் சொடுக்கி டேட்டாவைத் திருத்தும் வசதியைத் திறந்தால் போதும், மற்ற ஷீட்டுகள் வரை விரியும். சப்ளையர் விலை இருந்த ஷீட்டும் அதில் ஒன்றாக இருக்கலாம். சார்ட்டைப் படமாக ஒட்டுவதுதான் தீர்வு. பைத்தான் நோட்புக்கிலும் இதே கண்ணி. டேட்டா கோப்பை ஏற்றாமல் நோட்புக்கை மட்டும் ஏற்றினேன் என்பார்கள். ஆனால் முதல் ஐந்து வரிசையை எட்டிப் பார்க்க ஓட்டிய கட்டளையின் விடை, ஹீட் நம்பர், பார்ட் நம்பர், ஷிப்ட் சூப்பர்வைசர் பெயர் சகிதம், நோட்புக்குக்குள்ளேயே பதிந்திருக்கும். ஏற்றும் முன் விடைகளைத் துடைக்க ஒரு வரி போதும்:

```
jupyter nbconvert --clear-output --inplace analysis.ipynb
```

கிட்ஹப்பில் இன்னொரு வகை. டேட்டா கோப்பு தவறிப் போய்விட்டது, உடனே அழித்துவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பார்கள். கிட் என்பதன் வேலையே பழைய நிலை எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பது. இன்று அழித்த கோப்பு நேற்றைய கமிட்டில் அப்படியே இருக்கும். கீழே உள்ளதை ஓட்டிப் பார்த்து ஒரு வரியாவது வந்தால், கோப்பு வரலாற்றில் இருக்கிறது என்று அர்த்தம்:

```
git log --all --full-history --oneline -- rejection_data.csv
```

இந்த மறதி மாணவர்களுக்கு மட்டும் உரியதல்ல. டொயோட்டாவின் டி-கனெக்ட் சேவைக்கான மூலநிரலின் ஒரு பகுதியைத் துணை ஒப்பந்த நிறுவனம் ஒன்று 2017 டிசம்பரில் கிட்ஹப்பில் தவறுதலாகப் பொதுவில் வைத்துவிட்டது. உள்ளே வாடிக்கையாளர் தகவல் சேவையகத்துக்கான அணுகல் சாவியும் இருந்தது. 2022 செப்டம்பரில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். 2,96,019 பேரின் மின்னஞ்சல் முகவரியும் வாடிக்கையாளர் எண்ணும் கசிந்திருக்கலாம் என்று நிறுவனம் அறிவித்து மன்னிப்புக் கேட்டது. ஐந்து வருடம் யார் கண்ணிலும் படவில்லை என்பது ஆறுதலா, யார் கண்ணில் பட்டது என்றே தெரியாதது பயமா என்று அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

கோடு வேண்டும், டேட்டா வேண்டும், காட்டாமல் யார் நம்புவார்கள் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு வழி, அதே முறையை வேறு பொது டேட்டாவில் புதிதாகச் செய்து காட்டுவது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம் நடத்தும் பொதுத் தரவுக் களஞ்சியத்தில் Steel Plates Faults என்ற தொகுப்பு இருக்கிறது. எஃகுத் தகடுகளின் 1,941 பதிவுகள், 27 அளவீடுகள், ஏழு வகைக் குறைபாடுகள். நம் மாணவி அதை எடுத்து, எந்த அளவீடு எந்தக் குறையோடு சேர்ந்து வருகிறது என்று தன் சொந்த லேப்டாப்பில், வெற்றுக் கோப்பிலிருந்து எழுதத் தொடங்கட்டும். பவுண்டரியில் எழுதிய கோடை நகலெடுத்துக் கோப்புப் பெயரை மாற்றினால் அது புதிதாகாது. அந்தப் பக்கத்தின் முகப்பில், "பயிற்சியின்போது கற்ற முறையைப் பொதுத் தரவில் செய்து பார்த்தது, நிறுவனத்தின் கோடோ தரவோ இதில் இல்லை" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் படிப்பவருக்கும் குழப்பமில்லை. உண்மையைச் சொன்னால், ஆளெடுப்பவர்களுக்கு இதுதான் வசதி. அவர்களே ஓட்டிப் பார்க்கலாம்.

மருத்துவமனை, வங்கி, மனிதவளத் துறை என்று மனிதர்களின் விவரம் புழங்கும் இடத்தில் பயிற்சி செய்தவர்களுக்கு இந்த மாற்றுவழி ஒன்றுதான் வழி. நோயாளியின் விவரம் கம்பெனி சம்மதித்தாலும் வெளியே வைக்கத்தக்கதல்ல. அது கம்பெனியுடையதே அல்ல.

அடுத்தது அனுமதி. "சார், புராஜெக்ட்டை லிங்க்ட்இன்ல போட்டுக்கலாமா?" என்று கடைசி நாள் டீ குடிக்கும்போது கேட்டால், "போட்டுக்கம்மா, அதுக்கென்ன" என்று சொல்லிவிடுவார் பிளான்ட் இன்சார்ஜ். அவர் மனதில் இருப்பது ஒரு வாழ்த்துப் பதிவு, மாணவி மனதில் இருப்பது டேட்டாவோடு கிட்ஹப். இருவரும் வேறு வேறு விஷயத்துக்குத் தலையாட்டியிருக்கிறார்கள். அதோடு அப்படி அனுமதி தரும் அதிகாரம் அவருக்கு உண்டா என்பதும் சந்தேகம். அதனால் கேள்வியாகக் கேட்காமல், வெளியிடப் போகும் வாசகத்தையே எழுதி, படங்களை இணைத்து, வழிகாட்டிக்கு மெயில் அனுப்பி, ஹெச்.ஆருக்கும் நகல் வைக்க வேண்டும். "இந்த ஐந்து வரியையும் இந்த ஒரு படத்தையும் என் பக்கத்தில் வெளியிட விரும்புகிறேன். எண்கள் 100 என்ற அடிப்படையில் மாற்றப்பட்டவை. நீக்க வேண்டியது இருந்தால் கோடிட்டுக் காட்டுங்கள்" என்று எழுதினால் போதும். இப்படிக் கேட்பது அவர்களுக்கும் எளிது, ஒரு வரியை அடித்துவிட்டு மீதிக்குச் சரி என்று பதில் வரும். பயிற்சி முடிவதற்கு இரண்டு வாரம் முன்பே கேட்பது நல்லது. அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்த பிறகு மெயிலுக்குப் பதில் வருவது அபூர்வம். பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஹெச்.ஆர். சில சமயம் காரணம் சொல்லாமல் மறுப்பார். காப்புரிமை விண்ணப்பம் ஒன்று தயாராகிக்கொண்டிருக்கலாம். விண்ணப்பிக்கும் முன் விஷயம் பொதுவெளிக்கு வந்தால் "புதியது" என்ற தகுதியே போய்விடக்கூடும். ஒரு மாணவியின் கிட்ஹப் பக்கமும் பொதுவெளிதான்.

கல்லூரிக்குக் கொடுக்கும் புராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கறுப்பு காலிகோ அட்டை போட்டு நூலகத்தில் அடுக்கப்படும் அந்தப் புத்தகத்தை அடுத்த வருட ஜூனியர் எடுத்துப் படிப்பான், ஸ்கேன் செய்து குரூப்பில் போடுவான். வழிகாட்டிப் பேராசிரியர் "டேட்டா இல்லாமல் என்ன ரிப்போர்ட்?" என்று கேட்பார். அவரிடம் கம்பெனியின் நிபந்தனையை முன்கூட்டியே காட்டி, மாற்றிய எண்களோடு ரிப்போர்ட் எழுத ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். கம்பெனிக்கு அனுப்பும் மெயிலில் ரிப்போர்ட்டையும் சேர்த்துவிட்டால் ஒரே வேலையாக முடியும்.

கடைசியில் நேர்காணல். எதிரே இருப்பவர் போட்டிக் கம்பெனிக்காரராகவே இருக்கலாம். கோவை, ராஜபாளையம், சென்னை எங்கே போனாலும் இத்தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

"ரிஜெக்‌ஷன் எத்தனை பர்சென்ட் இருந்துச்சு?"

"அந்த நம்பரை நான் வெளியில சொல்லக் கூடாது சார். தொடக்கத்தை நூறுன்னு வெச்சா அறுபத்து மூணுக்கு வந்துச்சு. அது வரைக்கும் சொல்ல அனுமதி வாங்கியிருக்கேன். புளோ ஹோலுக்கு ஈரம்தான் காரணம்னு எப்படி உறுதி பண்ணினோம்னு வேணா போர்டுல போட்டுக் காட்டறேன்."

கேட்டவர் விஷயமறிந்தவராக இருந்தால் அடுத்த கேள்வி போர்டைப் பற்றித்தான் இருக்கும். தானும் நாளைக்கு இந்தப் பெண்ணிடம் எண்களை ஒப்படைக்கப் போகிறவர்தானே. மறுபடி மறுபடி அந்த எண்ணையே தோண்டுகிறார் என்றால், அவர் ஆள் தேடி அந்த நேர்காணலை வைக்கவில்லை.

அனுமதி வாங்கித் திரும்பிய பிறகு மாணவியின் பக்கத்தில் இருந்த வாசகம் இது:

"இரும்பு வார்ப்பாலையில் இரண்டு மாதப் பயிற்சி. ஐந்து பேர் குழுவில், குறைபாட்டுப் பதிவுகளை ஒழுங்குபடுத்தி, அச்சு மணலின் தன்மைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பகுதி என்னுடையது. ஒரு வகைக் குறைபாட்டின் காரணத்தைக் கண்டறிய அது உதவியது. கழிவு, தொடக்கத்தை 100 எனக் கொண்டால், 63-க்கு இறங்கியது. அதே முறையைப் பொதுத் தரவில் செய்து காட்டியது, கீழே இணைப்பில்."

முதல் வாசகத்தில் இருந்த "குறைத்தேன்" இதில் இல்லை. அதை யாரும் அடிக்கச் சொல்லவில்லை. வழிகாட்டி படிப்பார் என்று தெரிந்ததும் அவளே எடுத்துவிட்டாள்.